அரபுப் பெயரடை: அஃறிணைப் பன்மைக்குப் பெண்பால் ஒருமை வரும் விதம்

துபாயிலோ ஷார்ஜாவிலோ இருப்பவர்கள் கையில் ஒரு திர்ஹம் நாணயத்தை எடுத்துப் பார்க்கலாம். நாட்டின் பெயர் அரபியில் இருக்கும்: அல்-இமாராத் அல்-அரபிய்யா அல்-முத்தஹிதா. இமாரா என்றால் அமீரகம், இமாராத் என்றால் அமீரகங்கள். ஆக முதல் சொல் பன்மை. அரபிய்யா, முத்தஹிதா என்று பின்னால் வரும் இரண்டு அடைகளும் பெண்பால் ஒருமை. ஏழு அமீரகங்களைச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும் வடிவத்தில் அடையைப் போட்டிருக்கிறார்கள். எழுத்துப் பிழை இல்லை. அரபி கற்கத் தொடங்குபவர் முதலில் தடுக்கி விழும் விதி இதுதான். தமிழ் தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும் என்பதால், அந்தப் பாதியில் கால் ஊன்றி மீதியைப் பிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

ஒரு முன்குறிப்பு. அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது பல ஒலிகள் ஒன்றாகிவிடும். எனவே ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் உங்கள் நோட்டில் அரபு எழுத்திலும் எழுதிப் பாருங்கள்.

முதலில் தமிழிலிருந்து தொடங்குவோம்

பெரிய வீடு, பெரிய வீடுகள், பெரிய பையன், பெரிய பெண்கள். பெயர் எப்படி மாறினாலும் "பெரிய" அசையவே இல்லை. அதனால் அடையை மாற்ற வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழாது. ஆனால் அதே சொல்லைப் பெயருக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள்: வீடு பெரியது, பையன் பெரியவன், பெண் பெரியவள், அவர்கள் பெரியவர்கள். இப்போது மாறுகிறது. அரபுப் பெயரடை இந்த இரண்டாம் வகை. அது எப்போதும் பெயருக்குப் பின்னால்தான் வரும், "பெரிய" என்று நிற்காமல் "பெரியவன், பெரியவள், பெரியது" என்பது போல நிற்கும். வலத் கபீர் என்பதை "பையன், பெரியவன்" என்று மனதில் வாசித்தால், அடை ஏன் பெயரைப் போலவே உடுத்திக்கொள்கிறது என்று விளங்கிவிடும்.

அடை பெயரோடு நான்கு விஷயங்களில் ஒத்துப்போக வேண்டும்: அல் உண்டா இல்லையா, ஆண்பாலா பெண்பாலா, எண் என்ன, வேற்றுமை என்ன. எழுதும்போது இந்த நான்கையும் இதே வரிசையில் கேட்டுப் பழகுங்கள். முதல் இரண்டையும் கடைசியையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எண்ணில் நிறைய நேரம் நிற்கப் போகிறேன். சிக்கலெல்லாம் அங்கேதான்.

முதல் கேள்வி: அல் இருக்கிறதா?

பைத் கபீர் என்றால் ஏதோ ஒரு பெரிய வீடு. அல்-பைத் அல்-கபீர் என்றால் குறிப்பிட்ட அந்தப் பெரிய வீடு. இரண்டிலும் அல் வேண்டும், அல்லது இரண்டிலும் கூடாது. பெயரில் மட்டும் போட்டு அடையில் விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும்: அல்-பைத் கபீர் என்பது "வீடு பெரியது" என்ற முழு வாக்கியம். "அந்தப் பெரிய வீடு" என்று எழுத நினைத்துப் பாதியில் வாக்கியத்தை முடித்துவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. வாக்கியம் எங்கோ அறுந்து நிற்கிறது என்று தோன்றினால் முதலில் அடையின் தலையில் அல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த விதியைப் பயணத்திலும் சோதிக்கலாம். சவூதி அரேபியாவின் பெயரைப் பாருங்கள்: அல்-மம்லகா அல்-அரபிய்யா அஸ்-ஸுஊதிய்யா. மூன்று சொல்லிலும் அல் இருக்கிறது. கடைசியில் அல் என்பது அஸ் என்று ஒலிப்பது அடுத்து வரும் எழுத்தின் தாக்கம்தான், எழுத்தில் அது அல்லே.

இரண்டாம் கேள்வி: ஆண்பாலா, பெண்பாலா?

அரபியில் நம் ஒன்றன்பால் போல மூன்றாவது பால் கிடையாது. மேசையும் மரமும்கூட ஆண் அல்லது பெண். பெரும்பாலான பெண்பால் சொற்களின் கடைசியில் மேலே இரண்டு புள்ளி வைத்த வட்டமான எழுத்து இருக்கும், அதன் பெயர் தா மர்பூதா. ஸய்யாரா (கார்), மத்ரஸா (பள்ளி), மதீனா (நகரம்) எல்லாம் அப்படி. அடைக்கும் அதே எழுத்தைச் சேர்க்க வேண்டியதுதான்: பைத் கபீர், ஸய்யாரா கபீரா. புள்ளி வட்டம் இல்லாமலே பெண்பாலாக நிற்கும் சில சொற்கள் உண்டு: ஷம்ஸ் (சூரியன்), அர்ள் (பூமி), நார் (நெருப்பு), யத் (கை). அவற்றைப் பார்க்கும்போது பார்க்கும்போது மனப்பாடம் செய்யுங்கள். மாறாக, கலீஃபா என்ற சொல்லில் வட்ட எழுத்து இருந்தாலும் அது ஆணைக் குறிப்பதால் ஆண்பால்.

மூன்றாம் கேள்வி: எண். இங்கே நிதானமாக நிற்போம்

அரபியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில் இருமை உண்டு. இரண்டு என்றால் அது தனி வடிவம், அதில் எந்த விதிவிலக்கும் இல்லை. கிதாபானி ஜதீதானி, இரண்டு புதிய புத்தகங்கள். ஸய்யாரதானி ஜதீததானி, இரண்டு புதிய கார்கள். பெயர் இருமை என்றால் அடையும் இருமை. பொருளா மனிதரா என்று யாரும் கேட்பதில்லை. இதை இப்போதே சொல்லக் காரணம், அடுத்து வரும் விதியைக் கற்றதும் பலர் அதை இரண்டுக்கும் பூசிவிடுகிறார்கள். அந்த விதி மூன்றிலிருந்துதான் தொடங்கும்.

மூன்றும் அதற்கு மேலும் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: இவை மனிதர்களா, இல்லையா? அரபு இலக்கணத்தில் இதை ஆகில், கைர் ஆகில் என்பார்கள். அறிவுள்ளது, அறிவில்லாதது என்று பொருள். நம் உயர்திணையும் அஃறிணையும்தான் இவை.

மனிதர் என்றால் அடையும் பன்மையாகும். பெண்கள் என்றால் எளிது, கடைசியில் ஆத் சேரும்: தாலிபாத் ஜதீதாத், புதிய மாணவிகள். ஆண்கள், அல்லது ஆணும் பெண்ணும் கலந்தவர்கள் என்றால் அடையின் பன்மை வடிவம் தெரிந்திருக்க வேண்டும். சில அடைகளுக்கு ஊன் சேர்த்தால் போதும்: முதர்ரிஸூன் மஷ்ஹூரூன், புகழ்பெற்ற ஆசிரியர்கள். வேறு பல அடைகள் உள்ளுக்குள்ளேயே உடைந்து மாறும்: கபீர் என்பது கிபார் ஆகும், ஸகீர் (சிறிய) என்பது ஸிகார் ஆகும், ஜதீத் (புதிய) என்பது ஜுதுத் ஆகும். எனவே துல்லாப் ஜுதுத், புதிய மாணவர்கள். ஒவ்வொரு அடையையும் கற்கும் நாளிலேயே அதன் பன்மையையும் சேர்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேடிப் போவது பெரிய வேலை.

மனிதர் இல்லை என்றால் அந்த வேலையே கிடையாது. ஒருமையில் ஆண்பாலா பெண்பாலா என்று பார்க்க வேண்டாம், பன்மை எப்படி அமைந்தது என்றும் பார்க்க வேண்டாம். அடையைப் பெண்பால் ஒருமையில் வைத்தால் முடிந்தது. கிதாப் ஆண்பால், அதன் பன்மை குதுப், ஆனால் குதுப் ஜதீதா. பைத் ஆண்பால், பன்மை புயூத், ஆனால் புயூத் கபீரா. நாய்கள் உயிருள்ளவைதான், ஆனாலும் கிலாப் கபீரா.

இது நமக்குப் புதிதா? எழுத்தில் "மாடுகள் மேய்கின்றன" என்கிறோம். வீட்டில் பேசும்போது "மாடெல்லாம் மேயுது" என்கிறோம். "பஸ் எல்லாம் நின்னுடுச்சு" என்கிறோம். ஆனால் "பசங்க எல்லாம் வந்துச்சு" என்று சொல்வது பெரும்பாலும் ஒட்டாது, "வந்தாங்க" என்றுதான் வரும். அஃறிணைப் பன்மை என்றதும் நம் நாக்கு தானாக ஒருமைக்குப் போகிறது, உயர்திணைக்குப் போவதில்லை. அரபி செய்வதும் இதைத்தான். ஒரே வேறுபாடு, "அது" என்று சொல்ல அங்கே தனிப் பால் இல்லாததால் பெண்பால் ஒருமை அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது.

ஏன் ஆண்பால் இல்லாமல் பெண்பால்? பழைய இலக்கண ஆசிரியர்கள் சொல்லும் விளக்கம் எனக்குப் பிடிக்கும், நினைவிலும் நிற்கும். பன்மையை ஒரு ஜமாஅத்தாக, அதாவது ஒரு கூட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ஜமாஅத் என்ற சொல் வட்ட எழுத்தில் முடியும் பெண்பால் ஒருமை. குதுப் என்று வாசிக்கும்போது "புத்தகங்களின் ஒரு ஜமாஅத்" என்று மனதில் வைத்தால், ஜதீதா என்பது அந்த ஜமாஅத்தோடு ஒத்துப்போகிறது.

தமிழ்த் திணை காலை வாரும் இடங்கள்

"தமிழில் அவர்கள் என்று சொன்னால் பன்மை அடை, அவை என்று சொன்னால் பெண்பால் ஒருமை." இந்தச் சோதனை பத்தில் ஒன்பது முறை வேலை செய்யும் என்று சொல்லிக் கொடுப்பார்கள், நானும் அதையே முதலில் சொல்வேன். ஆனால் அது தவறும் இடங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, குழந்தை. தமிழில் "குழந்தை அழுதது" என்று அஃறிணையாகவே சொல்கிறோம். அரபியில் குழந்தை முழு மனிதர். அத்ஃபால் ஸிகார் (சிறு குழந்தைகள்) என்றுதான் வரும், ஸகீரா வராது.

இரண்டாவது, இதன் மறுபுறம். சந்திரனையும் சூரியனையும் தமிழில் "அவன்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. அரபியில் கமர் (சந்திரன்) வெறும் பொருள். அதனால்தான் செயற்கைக்கோள்களுக்கு அக்மார் ஸினாஇய்யா என்று பெயர், சொல்லுக்குச் சொல் "செயற்கைச் சந்திரன்கள்", அடை பெண்பால் ஒருமை.

மூன்றாவது, மக்கள் கூட்டங்களின் பெயர். ஷஅப் என்றால் ஒரு நாட்டு மக்கள், பன்மை ஷுஊப். தமிழில் மக்கள் என்றதும் உயர்திணை என்று கை ஓடும். ஆனால் அரபு மக்களினங்கள் என்பதற்கு அஷ்-ஷுஊப் அல்-அரபிய்யா என்றுதான் எழுதுவார்கள். கட்சிகள், நிறுவனங்கள், அரசுகள், நாடுகள் எல்லாம் அப்படியே. உள்ளே மனிதர்கள் இருந்தாலும் பெயர் குறிப்பது ஓர் அமைப்பை. அத்-துவல் அல்-அரபிய்யா, அரபு நாடுகள். அல்-உமம் அல்-முத்தஹிதா, ஐக்கிய நாடுகள் சபை. செய்தித் தலைப்புகளில் இவற்றைத் தினமும் பார்க்கலாம்.

நான்காவது, வானவர்கள். நம் நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்க்கிறது. அரபியும் அறிவுள்ள யாரையும் மனிதர் வரிசையில் வைக்கிறது. குர்ஆன் 66:6 இல் மலக்குகளுக்கு கிலாள், ஷிதாத் என்று பன்மை அடைகளே வருகின்றன. இதைவிட அழகானது 12:4. யூசுஃப் நபி கனவில் பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்கு ஸஜ்தா செய்வதை, அதாவது சிரம் பணிவதைக் காண்கிறார். அங்கே வரும் சொல் ஸாஜிதீன், மனிதர்களுக்குரிய பன்மை. ஸஜ்தா செய்வது அறிவுள்ளவர் செயல், செய்ததால் நட்சத்திரங்கள் உயர்திணை ஆகிவிட்டன. நம் இலக்கணத்தில் திணை வழுவமைதி என்று படித்திருப்போமே, அதே மனம்தான்.

ஒரு வாக்கியத்தைக் கட்டிப் பார்ப்போம்

"புதிய மாணவர்கள் புதிய புத்தகங்களை வாசித்தார்கள்." தமிழில் இரண்டு "புதிய"வும் ஒன்றுதான். அரபியில் இரண்டும் வேறு.

மாணவர்கள்: அத்-துல்லாப். அல் இருக்கிறது, அடைக்கும் அல் வேண்டும். மூன்றுக்கு மேல், மனிதர்கள், ஆண்பால். ஜதீத் என்பதன் பன்மை ஜுதுத். இவர்கள் எழுவாய், எனவே கடைசி எழுத்தில் உ ஒலி. அத்-துல்லாபு அல்-ஜுதுது.

புத்தகங்கள்: அல்-குதுப். அல் இருக்கிறது. மூன்றுக்கு மேல், மனிதர் இல்லை, எனவே ஜதீதா. இது செயப்படுபொருள், எனவே இரண்டிலும் கடைசியில் அ ஒலி. அல்-குதுப அல்-ஜதீதத. நிறுத்தி வாசித்தால் கடைசி த மறைந்து ஜதீதா என்று முடியும். இதுதான் நான்காம் கேள்வியான வேற்றுமை. பெயர் எந்த ஒலியை எடுக்கிறதோ அதையே அடையும் எடுக்கும்.

வினையை முன்னால் வைத்தால்: கரஅ அத்-துல்லாபு அல்-ஜுதுது அல்-குதுப அல்-ஜதீதத.

இப்போது மாணவர்களை மாணவிகளாக மாற்றுங்கள். அத்-தாலிபாது அல்-ஜதீதாது என்று ஆகும், வினை கரஅத் ஆகும், புத்தகங்கள் பக்கம் எதுவும் மாறாது. அப்புறம் புத்தகங்களைக் கார்களாக மாற்றி, வாசித்ததைப் பார்த்ததாக்குங்கள். கார்களுக்கு ஸய்யாராத். இங்கேதான் கண் ஏமாறும். தாலிபாத்தும் ஸய்யாராத்தும் ஒரே ஆத் ஒலியில் முடிகின்றன. காது "ஸய்யாராத் ஜதீதாத்" என்று எதுகை கேட்கும். கேட்கக் கேட்க இனிமையாகவும் இருக்கும். ஆனால் இன்றைய எழுத்து அரபியில் ஸய்யாராத் ஜதீதா என்பதே சரி. பெயரின் வாலைப் பார்க்காதீர்கள், அது யார், எது என்று பாருங்கள். திர்ஹம் நாணயத்தில் இமாராத்துக்குப் பின் அரபிய்யாத் வராமல் அரபிய்யா வந்ததும் இதனால்தான்.

இந்த விதி உங்களுக்குத் திருப்பித் தரும் உதவி

சிரமம் என்று நினைத்த விதி வாசிக்கும்போது விளக்காகிறது. "மாணவனின் புத்தகங்கள்" என்று இரண்டு பெயர்களைச் சேர்த்துச் சொல்லும்போது அரபியில் அடை இரண்டுக்கும் பின்னால்தான் வர முடியும். அப்போது அது யாரைச் சொல்கிறது? குதுப் அத்-தாலிப் அல்-ஜதீத் என்றால் ஜதீத் ஆண்பால் ஒருமை, மாணவனோடுதான் ஒத்துப்போகும்: புதிய மாணவனின் புத்தகங்கள். குதுப் அத்-தாலிப் அல்-ஜதீதா என்றால் பெண்பால் ஒருமை, அந்த மாணவன் ஆண், எனவே அடை புத்தகங்களுக்கு: மாணவனின் புதிய புத்தகங்கள். ஒரு வட்ட எழுத்தும் இரண்டு புள்ளியும் பொருளைப் பிரித்துக் கொடுக்கின்றன. நீண்ட வாக்கியத்தில் குழம்பினால், பெண்பால் ஒருமை அடையைக் கண்டதும் பின்னோக்கிப் போய் ஒரு பெண்பால் ஒருமையையோ அஃறிணைப் பன்மையையோ தேடுங்கள்.

சுட்டும் பிரதிப்பெயரும் வினையும்கூட இதே வழியில் போகும். "இந்தப் புத்தகங்கள்" என்பது ஹாதிஹி அல்-குதுப், இங்கே ஹாதிஹி "இவள்" என்பதற்கும் உரிய சொல். "இந்த மாணவர்கள்" என்றால் ஹாஉலாஇ. எழுதியதில் சந்தேகம் வந்தால் முன்னால் "இந்த" சேர்த்துப் பாருங்கள். ஹாதிஹி பொருந்தினால் அடை பெண்பால் ஒருமை, ஹாஉலாஇ பொருந்தினால் அடை பன்மை.

பழைய நூல்களில் வேறு மாதிரி கண்டால்

குர்ஆன் ஓதுபவர்கள் ஒரு நாள் வந்து, விதி உடைகிறதே என்பார்கள். "எண்ணப்பட்ட நாட்கள்" என்பது 2:80 இல் அய்யாமன் மஃதூதா என்று பெண்பால் ஒருமையில் வருகிறது, 2:184 இல் அய்யாமன் மஃதூதாத் என்று பன்மையில் வருகிறது. இரண்டும் சரியான அரபிதான். பழைய மொழியில் அஃறிணைப் பன்மைக்குப் பன்மை அடையும் செல்லும். நிறங்களில் இது இன்னும் தெளிவு: 18:31 இல் பச்சை ஆடைகளுக்கு ஸியாபன் குள்ரன் என்று பன்மை அடை. இன்றைய உரைநடையில் பச்சை ஆடைகள் என்று எழுதப் பெண்பால் ஒருமையான கள்ரா பரவலாகப் பயன்படுகிறது. அரபு நாட்டுப் பேச்சு வழக்குகளிலும் பொருட்களுக்குப் பன்மை அடை கேட்கலாம். கேட்டால் தவறு என்று திருத்தப் போகாதீர்கள். நீங்கள் எழுதும்போது மட்டும் பெண்பால் ஒருமையிலேயே நில்லுங்கள், அது எங்கும் ஏற்கப்படும்.

விதியைக் காதில் ஏற்ற ஒரு நல்ல இடம் 88ஆம் அத்தியாயம், அல்-காஷியா. 13 முதல் 16 வரை நான்கு சிறு வசனங்கள், சொர்க்கத்தின் பொருட்களை வரிசையாகச் சொல்கின்றன. ஸுருர் மர்ஃபூஆ, உயர்த்தப்பட்ட கட்டில்கள். அக்வாப் மவ்ளூஆ, வைக்கப்பட்ட கிண்ணங்கள். நமாரிக் மஸ்ஃபூஃபா, வரிசையாக அடுக்கிய திண்டுகள். ஸராபிய்யு மப்ஸூஸா, விரிக்கப்பட்ட கம்பளங்கள். நான்கு பெயர்களும் பன்மை, நான்கும் வெவ்வேறு விதமாக முடிகின்றன. நான்கு அடைகளும் ஒரே ஆ ஒலியில் முடிகின்றன.

கடைசியாக, நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் புழங்கும் இரண்டு தொடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அல்-அஸ்மா அல்-ஹுஸ்னா, அல்லாஹ்வின் அழகிய பெயர்கள். அல்-குலஃபா அர்-ராஷிதூன், நேர்வழி நின்ற கலீஃபாக்கள். அஸ்மாவும் குலஃபாவும் ஒரே மாதிரி முடியும் பன்மைகள். முதலாவதில் பெயர்கள் பொருள், எனவே ஹுஸ்னா, அஹ்ஸன் என்பதன் பெண்பால் ஒருமை. இரண்டாவதில் அபூபக்ர், உமர், உஸ்மான், அலி என நான்கு மனிதர்கள், எனவே ராஷிதூன். இரண்டையும் அரபு எழுத்தில் எழுதி, ஒவ்வொரு அடைக்கும் பக்கத்தில் நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிப் பாருங்கள்.